499 ரூபாயில் நுழைந்து 2,198 ரூபாயில் நிற்கிறது! வீட்டு டி.வி.க்கு வந்த 'சந்தா சினிமா': கோட்டூர்புரத்தில் ஒரு கணக்கு

(நமது நிருபர்)

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பத்து பேரில் ஆறு பேர் கையில் செல்போன். தலை குனிந்தபடியே படம் பார்க்கிறார்கள். ரயில் வந்தால் கால் மட்டும் நகர்கிறது, கண் நகர்வதில்லை!

அவர்கள் பார்ப்பது இலவசப் படம் அல்ல. காசு கட்டிப் பார்க்கிற படம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பிலும் சரி, ஆற்றங்கரைப் பக்கத்துப் பங்களாவிலும் சரி, இன்றைக்குப் பால் கணக்கு, கேஸ் கணக்கோடு 'ஓ.டி.டி.' கணக்கும் சேர்ந்துவிட்டது.

"எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டால் மட்டும் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. "அது தானா பேங்க்ல இருந்து போயிடும் சார்" என்கிறார்கள்.

தானாகப் போகிற பணம் எவ்வளவு? அதற்குக் கிடைக்கும் சரக்கு என்ன? தமிழ்ப் படம் உண்டா? படம் தெளிவாகத் தெரிகிறதா? இதைப் பார்க்க ஒரே ஒரு சந்தாவை எடுத்துக்கொண்டோம். விலை ஏறிய கதை தேதியோடு தெளிவாகக் கிடைப்பது அமேசான் பிரைம் சந்தாவில்தான். அதனால் அதையே எடுத்தோம்.

அறிமுக விலை என்றார்கள்

2016-ம் ஆண்டு ஜூலை மாதம் அமேசான் பிரைம் இந்தியாவுக்கு வந்தது. ஆண்டுச் சந்தா 499 ரூபாய். முதல் 60 நாள் இலவசம். அப்போது அதில் சினிமாவே கிடையாது! கடையில் வாங்கும் பொருளைச் சீக்கிரம் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், கூலி வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். படம் காட்டும் பகுதி அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். 499 என்பது 'அறிமுக விலை' என்று முதல் நாளிலேயே போட்டிருந்தார்கள். பக்கத்தில் 999 என்று எழுதி அடித்தும் காட்டியிருந்தார்கள். ஜவுளிக்கடையில் அடித்த விலை வெறும் அலங்காரம். இங்கே அடித்த விலைதான் உண்மையான விலை. 2017 அக்டோபரில் அது 999 ஆகிவிட்டது. ஒரே அடியில் இரண்டு மடங்கு!

அடுத்த நான்கு ஆண்டு அப்படியே ஓடியது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய் ஆயிற்று. மாதச் சந்தா 129-லிருந்து 179 ஆனது.

2023 ஏப்ரலில் மூன்றாவது ஏற்றம். இந்த முறை ஆண்டுச் சந்தாவில் கை வைக்கவில்லை. மாதம் கட்டுபவர்கள் தலையில் கை வைத்தார்கள். 179 ரூபாய் மாதச் சந்தா 299 ஆனது. மூன்று மாதச் சந்தா 459-லிருந்து 599 ஆனது. மாதம் கட்டுகிறவன் விலை ஏறிய மறு மாதமே நிறுத்திவிட முடியும். ஆண்டு கட்டியவன் அசைய முடியாது. எல்லாரையும் ஆண்டுக் கணக்குக்குத் தள்ள வேண்டும் என்பதுதான் இதில் கம்பெனிக்கு உள்ள ஆதாயம் என்று தோன்றுகிறது.

விளம்பரமும் வந்தது

நான்காவது ஏற்றம் ஏற்றம் மாதிரியே தெரியாது. 2025 ஜூன் 17-ந் தேதி முதல் பிரைம் படங்களுக்கு நடுவே விளம்பரம் வர ஆரம்பித்தது. விலை அதே 1,499தான். ஆனால் விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய், அல்லது மாதத்துக்கு 129 ரூபாய் தனியாகக் கட்டவேண்டும்.

நேற்று வரை விளம்பரம் இல்லாமல் பார்த்தவருக்கு இன்று அதே படம் அதே மாதிரி வேண்டுமானால் 1,499-ம் 699-ம் சேர்த்து 2,198 ரூபாய். டீக்கடைக்காரர் கிளாசின் அளவைக் குறைத்துவிட்டு, "விலையை ஏத்தலைங்களே" என்று சொல்கிற கதைதான்.

விளம்பரத்தை டி.வி. சேனல்களை விடக் குறைவாகத்தான் காட்டுவோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. டி.வி. சேனலில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறதே, அப்படி இல்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் துப்பறியும் தொடரில் கதவைத் திறக்கப் போகிற நேரத்தில் சோப்புப் பவுடர் வந்தால் எரிச்சல்தான்.

இன்னொரு வேடிக்கை. பிரைம் விலை ஏறிய அதே 2021 டிசம்பர் 14-ந் தேதிதான் போட்டிக் கம்பெனியான நெட்பிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தது! 499 ரூபாய் மாதச் சந்தா ஒரேயடியாக 199 ஆனது. செல்போனில் மட்டும் பார்க்கும் சந்தா 199-லிருந்து 149 ஆனது. ஒரே நாளில் ஒரு கடையில் விலை ஏறுகிறது, எதிர்க்கடையில் இறங்குகிறது. அப்படியானால் இந்த விலைகளுக்கும் செலவுக்கும் நேர் சம்பந்தம் இல்லை. ஊரில் யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று நோட்டம் பார்த்துப் போடுகிற விலை இது.

ஹாட்ஸ்டார் கதையும் இதே திசைதான். 2019-ல் 'வி.ஐ.பி.' சந்தா ஆண்டுக்கு 365 ரூபாய், நாளுக்கு ஒரு ரூபாய் என்று வந்தது. 2020-ல் 399. 2021 செப்டம்பரில் அந்தச் சந்தாவையே எடுத்துவிட்டு, செல்போனுக்கு மட்டும் 499, டி.வி.யிலும் பார்க்க 899 என்று பிரித்துவிட்டார்கள். ஹால் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு 399 ரூபாய் 899 ஆனது. இரண்டு மடங்குக்கு மேல்!

ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சிட்டை

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுவோம். வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. தலைமைச் செயலகத்தில் குமாஸ்தாவாக அப்பா. வீட்டில் அம்மா, பாட்டி, கல்லூரி போகும் மகள், பள்ளிக்கூடப் பையன்.

2016 ஜூலையில் சேர்ந்தார்கள். இலவசக் காலம் முடிந்து செப்டம்பரில் முதல் சந்தா. பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் பணம் போகிறது.

2016, 2017 இரண்டு ஆண்டுக்கு 499 வீதம் 998 ரூபாய். 2018 முதல் 2021 வரை நான்கு ஆண்டுக்கு 999 வீதம் 3,996 ரூபாய். 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டுக்கு 1,499 வீதம் 5,996 ரூபாய். மொத்தம் 10,990. கடைசி ஆண்டில் விளம்பரம் வேண்டாம் என்று 699 கட்டியிருந்தால் 11,689 ரூபாய்.

பழைய 499 விலையே நின்றிருந்தால் பத்துத் தவணைக்கு 4,990 ரூபாய்தான்.

"நாளுக்கு ஆறு ரூபாய்தானே, டீ கூட வராதே" என்று சொல்வார்கள். 2,198-ஐ 365-ஆல் வகுத்தால் ஆறு ரூபாய்தான் வரும், சரி. ஆனால் தினமும் பார்த்தால்தான் அந்தக் கணக்கு. வருடத்துக்குப் பத்துப் படம் பார்க்கிற வீட்டில் ஒரு படத்துக்கு 220 ரூபாய் ஆகிறது. கணக்கை நாளால் வகுக்கக் கூடாது, பார்த்த படத்தால் வகுக்க வேண்டும்.

"படத்துக்கு மட்டுமா கட்டுறோம்? சாமான் வீட்டுக்கு வருதே?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கும் விடை உண்டு. 2024-ல் அதே கம்பெனி படம் இல்லாமல், டெலிவரிச் சலுகை மட்டும் உள்ள ஒரு சந்தாவை ஆண்டுக்கு 399 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஆக 1,499-ல் சாமானுக்கு 399 போக, மீதி 1,100 ரூபாய் படத்துக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். பாட்டுக்கும் புத்தகத்துக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருந்தாலும் பெரும்பங்கு சினிமாதான்.

பட்டியல் நீளம், திறந்தால் பூட்டு

முதலில் சரக்குப் பட்டியல். திரையைத் திறந்தால் போஸ்டர் போஸ்டராக ஓடுகிறது. ஆயிரக்கணக்கில் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் தெரிவது எல்லாம் சந்தாவுக்குள் அடங்கியது அல்ல.

ஒரே திரையில் மூன்று கடை கலந்திருக்கிறது. ஒன்று, சந்தாவில் அடங்கிய படங்கள். இரண்டு, வாடகைப் படங்கள். 2022 ஏப்ரலில் இந்த வாடகைக் கடையைத் திறந்தார்கள். இதற்குத் தனிக் காசு. காசு கட்டினால் 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்த 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். அந்தக் காலத்து வீடியோ கடையில் கேசட் எடுத்துவந்து மறுநாள் திருப்பிக் கொடுப்போமே, அதே சமாசாரம். மூன்று, வேறு கம்பெனிகளின் சேனல்கள். அவற்றுக்கும் தனிச் சந்தா.

எப்படிக் கண்டுபிடிப்பது? போஸ்டரைத் தொட்டதும் அடியில் பாருங்கள். நீல நிற 'டிக்' குறி இருந்தால் உங்கள் சந்தாவில் அடங்கியது. மஞ்சள் நிறப் பை படம் இருந்தால் காசு கேட்கப் போகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ரிமோட்டை அமுக்குவார்கள் என்றால், கணக்குப் பகுதிக்குப் போய் வாங்குவதற்கு 'பின்' எண் போட்டு வைப்பது நல்லது.

இன்னொன்று, இன்று இருக்கிற படம் நாளைக்கு இருக்கும் என்று நிச்சயம் இல்லை. வாங்கிய படங்களில் பெரும்பகுதி சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவை. தவணை முடிந்தால் தயாரிப்பாளர் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார். கம்பெனி தன் பெயரிலேயே எடுத்த தொடர்கள்தான் நிலைத்து நிற்கும். "அப்புறம் பார்ப்போம்" என்று குறித்து வைத்த படம் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். திருடு போகவில்லை, குத்தகை முடிந்திருக்கிறது!

தமிழுக்கு என்ன இருக்கிறது?

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கேட்கவேண்டிய முக்கியக் கேள்வி.

தமிழில் இந்தக் கம்பெனியின் முதல் சொந்தத் தொடர் 2018 டிசம்பரில் வந்த 'வெள்ள ராஜா'. பாபி சிம்ஹா நடித்தது. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது கொரோனாதான். 2020-ல் தியேட்டர்கள் மூடிக் கிடந்தன. அந்த மே மாதம் 29-ந் தேதி ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரைத் தொடாமல் நேரே வீட்டுக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே தியேட்டர் அதிபர்கள் கொதித்தெழுந்தார்கள். இப்படிச் செய்தால் சூர்யாவின் 2டி நிறுவனப் படங்களை இனி திரையிட மாட்டோம் என்றார்கள். படம் வந்தது. அதோடு நிற்கவில்லை. நவம்பர் 12-ந் தேதி 'சூரரைப் போற்று' வந்தது. சிறந்த படம், சிறந்த நடிகர் உள்பட ஐந்து தேசிய விருதுகளை அது அள்ளியது. 2021 ஜூலையில் வடசென்னைக் குத்துச்சண்டைக் கதையான 'சார்பட்டா பரம்பரை', நவம்பரில் 'ஜெய் பீம்'. தியேட்டரில் வந்திருந்தால் கொட்டகை கிழிந்திருக்கும் என்று சொல்லத்தக்க படங்கள் இவை. 999 ரூபாய்ச் சந்தாவுக்கு இவ்வளவு கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகள்தான் தமிழ் ரசிகனுக்குப் பொற்காலம்.

பிறகு? தியேட்டர்கள் திறந்தன. பெரிய படங்கள் அங்கே போய்விட்டன. இப்போது பெரிய நட்சத்திரப் படம் ஒன்று ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருகிறது. அதுவும் எந்தக் கடைக்கு வரும் என்பது அந்தந்தப் படத்தின் வியாபாரத்தைப் பொறுத்தது. ஒரே நாயகனின் ஒரு படம் பிரைமில், அடுத்தது நெட்பிளிக்சில், அதற்கடுத்தது வேறு ஒன்றில். நாயகனுக்கு விசிறியாக இருந்தால் மூன்று சந்தா கட்டவேண்டிய நிலை!

சொந்தத் தொடர்களில் குறை சொல்ல முடியாத சில உண்டு. புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' 2022 ஜூனில் வந்தது. அதன் இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில். எஸ்.ஜே.சூர்யாவின் 'வதந்தி' 2022 டிசம்பரில். 'மாடர்ன் லவ் சென்னை' 2023 மே மாதம். காட்டுக்குள் துப்பறியும் 'இன்ஸ்பெக்டர் ரிஷி' 2024 மார்ச்சில். இந்தத் தேதிகளைப் பாருங்கள். ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே பல மாதம் இடைவெளி. இந்தித் தொடர்கள் அடுத்தடுத்து வரிசை கட்டி நிற்க, தமிழ்த் தொடர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் சந்தாவில் மொழி வாரியாகக் குறைத்துத் தருவதில்லை. மும்பைக்காரர் கட்டுவதும் 1,499, கோட்டூர்புரத்துக்காரர் கட்டுவதும் 1,499.

தமிழர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதிலும் சண்டை வந்தது உண்டு. 2021 ஜூனில் வந்த 'தி பேமிலி மேன்' இரண்டாம் பாகம் சென்னையில் நடக்கும் கதை. ஈழத்தமிழர்களைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று அதைத் தடை செய்யக் கோரி தமிழக அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. தொடர் நிற்கவில்லை, வெளியாகிவிட்டது.

தமிழ்க் குரலில் மொழிமாற்றிய இந்தி, ஆங்கிலத் தொடர்களும் உண்டு. தமிழ்க் குரல் எல்லாவற்றுக்கும் இருக்காது. சிலவற்றுக்கு எழுத்து மட்டும் ஓடும். சந்தா கட்டும் முன், அதை வைத்திருக்கும் உறவுக்காரர் வீட்டு டி.வி.யில் நீங்கள் பார்க்க நினைக்கும் நாலைந்து தொடர்களைத் தேடி, மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

பாட்டிக்கு? பாட்டிக்கு இதில் எதுவும் இல்லை! பாட்டி பார்ப்பது சாயங்காலச் சீரியல். சன் டி.வி. சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் டி.வி. சீரியல் என்றால் ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ தமிழ் என்றால் ஜீ5. பையன் கேட்கும் ஐ.பி.எல். கிரிக்கெட்டும் ஜியோ ஹாட்ஸ்டாரில்தான். ஆக நம் குமாஸ்தா வீட்டில் பிரைமைப் பார்ப்பது அப்பாவும் மகளும் மட்டுமே. ஐந்து பேர் வீட்டில் இரண்டு பேருக்கான சந்தா.

படம் மங்கலாகத் தெரிவது ஏன்?

"4கே டி.வி. வாங்கினோம், படம் தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கு" என்று சொல்கிற வீடுகள் உண்டு. டி.வி.யைத் திட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியவை சில.

முதலில், எந்தச் சந்தா என்று பாருங்கள். 1,499 ரூபாய் முழுச் சந்தாவில் 4கே வரை உண்டு. 'பிரைம் லைட்' என்ற 799 ரூபாய் மலிவுச் சந்தாவில் 720 வரி வரைதான், விளம்பரமும் சேர்த்து. செல்போனில் 720 வரி போதும். ஐந்தரை அங்குலத் திரையில் வித்தியாசம் தெரியாது. அதையே 55 அங்குல டி.வி.யில் போட்டால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நெட்பிளிக்சிலும் இதே ஏணிதான். 149 ரூபாய்க்கு 480 வரி, 199-க்கு 720, 499-க்கு 1080, 649-க்கு 4கே. விலைப்பட்டியலில் இருப்பது படத்தின் விலை அல்ல, கோடுகளின் விலை!

இரண்டாவது, இன்டர்நெட் வேகம். 1080 வரிப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்பது பொதுவான அளவு. வீட்டில் 50 மெகாபிட் இணைப்பு இருந்தாலே தாராளம். ஆனால் 'வைபை' பெட்டி வாசலில், டி.வி. கடைசி அறையில், நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் என்றால் டி.வி.க்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். வேகம் குறைந்தால் படம் நிற்காது, தானே தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் படம் ஆரம்பித்த முதல் சில நொடி மங்கலாக இருந்து பிறகு தெளிகிறது. தெளியவே இல்லை என்றால் வேகம் போதவில்லை என்று அர்த்தம். படம் ஓடும்போது திரையின் மூலையில் HD அல்லது UHD என்று வருகிறதா என்று பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு வராமல், காலை ஆறு மணிக்கு வந்தால் குற்றம் உங்கள் லைனில் இருக்கும் நெரிசல். எப்போதுமே வரவில்லை என்றால் சந்தாவிலோ டி.வி.யிலோ கோளாறு. பெட்டிக்கும் டி.வி.க்கும் ஒரு ஒயரை இழுத்துச் சொருகிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

மூன்றாவது, கருவி. செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் விஷயம் இது. படக் கம்பெனிகள் திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்டுத்தான் படத்தை அனுப்புகின்றன. அந்தப் பூட்டுக்கு 'வைட்வைன்' என்று பெயர். அதில் முதல் தரச் சான்று உள்ள போனுக்குத்தான் தெளிவான படம் வரும். மூன்றாம் தரச் சான்று உள்ள சில மலிவு போன்களில் திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 480 வரிதான். சந்தாவைக் கூட்டினாலும் பயன் இல்லை. போனைப் பற்றி விசாரிக்காமல் பெரிய சந்தா கட்டினால் காசு தண்டம்.

ரயிலில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜி.பி. தீரும். தினம் 1.5 ஜி.பி. பேக் போட்டிருப்பவருக்கு 40 நிமிடத்தில் காலி! வேளச்சேரியில் ஏறி கடற்கரையில் இறங்குவதற்குள் அன்றைய டேட்டா முடிந்துவிடும். வீட்டு வைபையில் படத்தை 'டவுன்லோட்' செய்துகொண்டு கிளம்புகிறவர்தான் விவரமானவர்.

ஐந்து மாதம்தான் எல்லை

சரி, கட்டலாமா, வேண்டாமா?

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மாதச் சந்தா 299. ஐந்து மாதத்துக்கு 1,495. ஆண்டுச் சந்தா 1,499. நான்கு ரூபாய்தான் வித்தியாசம். வருடத்தில் ஐந்து மாதத்துக்குக் குறைவாகப் பார்க்கிறவர் மாதம் மாதம் கட்டி நிறுத்துவதே லாபம். ஆறாவது மாதம் தொட்டால் ஆண்டுச் சந்தாதான் லாபம். விளம்பரம் வேண்டாதவருக்கும் இதே எல்லைதான். மாதம் 428 வீதம் ஐந்து மாதத்துக்கு 2,140, ஆண்டுக்கு 2,198.

நம் குமாஸ்தா வீட்டுக்கு வருவோம். மகளுக்கு நவம்பர், ஏப்ரலில் பரீட்சை. அப்பாவுக்கு மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, தலை தூக்க நேரம் இல்லை. அவர்கள் உண்மையில் படம் பார்ப்பது மே, ஜூன், டிசம்பர், ஜனவரி. நான்கு மாதத்துக்கு 1,196 ரூபாய். ஆண்டுச் சந்தாவை விட 303 ரூபாய் மிச்சம். அதோடு 'சுழல்' மாதிரி ஒரு தொடர் வருகிறது என்று தெரிந்தால் அந்த மாதம் பார்த்துக் கட்டலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு பார்சல் வருகிற வீடு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. டெலிவரிக்கு 399 சேர்த்தால் 1,595 ஆகிவிடும். அந்த வீடு ஆண்டுச் சந்தாவையே கட்டட்டும்.

சித்தப்பா வீட்டோடு பங்கு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரி முதல் ஒரு கணக்கில் ஐந்து கருவிக்கு மேல் கூடாது, அதில் டி.வி. இரண்டுக்கு மேல் கூடாது என்று கம்பெனி கட்டிப்போட்டுவிட்டது.

தானாகப் போகும் பணம்

விலை ஏறியதே தெரியாமல் பணம் போவதற்கு வழி, 'ஆட்டோபே'.

ரிசர்வ் வங்கி விதி இதில் தெளிவாக இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது எவ்வளவு, யாருக்கு என்று வங்கி தகவல் அனுப்பவேண்டும். வேண்டாம் என்றால் தடுக்கலாம். ஆனால் அந்தத் தகவல் நூறு கடன் மெசேஜ்களுக்கு நடுவே வந்து அமுங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை, ஆரம்பத்தில் நாம் கொடுக்கும் சம்மதத்தில் இருக்கிறது. யு.பி.ஐ.யில் ஆட்டோபே போடும்போது அதிகபட்சத் தொகை என்று ஒரு எண் வரும். சந்தா 299 என்றாலும் அந்த எண் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் 'பின்' போட்டுவிடுகிறோம். பிறகு விலை ஏறினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வரை நம்மிடம் மறுபடி 'பின்' கேட்கவேண்டிய அவசியம் இல்லை. வீட்டுச் சாவியை நாமே கொடுத்த மாதிரி!

பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து உங்கள் பெயர் அல்லது படம் இருக்கும் இடத்தைத் தொடுங்கள். Autopay அல்லது Mandates என்று ஒரு பகுதி இருக்கும். அதில் யார் யாருக்கு எவ்வளவு வரை சம்மதம் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். மறந்துபோன பழைய சந்தா ஒன்றாவது அதில் படுத்திருக்க வாய்ப்பு உண்டு. அங்கேயே நிறுத்தலாம். ஆனால் சந்தாக் கம்பெனியின் கணக்குப் பகுதிக்குள்ளும் போய் ரத்து செய்துவிடுவதே சரி. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் மறு பக்கம் நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும்.

ரத்து செய்யப் போனால் "நிச்சயமாகவா?" "இதை இழப்பீர்களே!" என்று பக்கம் பக்கமாகக் கேட்டு அலைக்கழிப்பது உலகம் முழுக்க உள்ள வியாதி. அமெரிக்காவில் பிரைம் சந்தாவில் மக்களைச் சேர்த்த விதம், ரத்து செய்வதைச் சிரமமாக்கிய விதம் பற்றி அரசு வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம். தவறை ஒப்புக்கொள்ளாமலே அந்த வழக்கை முடித்தது.

இங்கேயும் சட்டம் சும்மா இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகை ஏமாற்று வித்தைகளைத் தடை செய்திருக்கிறது. அதில் ஒன்றுக்குப் பெயரே 'சந்தாப் பொறி'. ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பது, இலவசம் என்று சொல்லி முன்கூட்டியே பணம் எடுக்கச் சம்மதம் வாங்குவது இதில் அடக்கம். எந்தச் சந்தாக் கம்பெனியாவது இப்படிச் செய்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியலாம். தமிழிலும் பேசலாம். பேசுவதற்கு முன் ரத்து செய்த தேதி, பணம் போன தேதி, வங்கி மெசேஜ், திரையின் படம் நான்கையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.